பாம்பு கடித்தால் படம் எடுக்க நிற்காதீர்கள்

இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மடை திருப்பக் காட்டுக்குப் போகிறீர்கள். மஞ்சள் வரப்பில் ஏதோ கணுக்காலில் கடித்துவிடுகிறது. பலரும் முதலில் கைபேசியைத்தான் எடுக்கிறார்கள். பாம்பைத் தேடிப் படம் பிடிப்பது, கடிவாயைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு "என்ன பாம்பு?" என்று கேட்பது என்று நேரம் போகிறது. இந்தப் பழக்கத்தை விவசாயிகள் விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி நச்சுமுறிவு மருந்து ஒன்றுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் அது முறிக்கும். எனவே பாம்பின் பெயர் தெரியாவிட்டாலும் சிகிச்சை நிற்காது.

கடிவாயும் முழுக் கதையைச் சொல்லாது. கண்ணாடிவிரியன் கடித்தால் உடனே கடும் வலி எடுக்கும், வீக்கம் மேலே ஏறும், தோல் கன்றிப்போகும், ஈறில் இரத்தம் கசியலாம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமே இராது. பல் தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி வரும், இமை சரியும், பிறகு மூச்சுத் திணறும். அந்தக் காலைப் படம் எடுத்து அனுப்பினால் பார்ப்பவர் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்.

மருத்துவமனையில் நடப்பது வேறு. சுமார் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால், விரியன் நஞ்சு உடலில் வேலை செய்கிறது என்று பொருள். இதையும் இமை, மூச்சு, வீக்கம் ஆகியவற்றையும் பார்த்தே மருந்து கொடுப்பார்கள். முதல் சோதனை சரியாக இருந்தாலும் உங்களை அனுப்பிவிடாமல் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஏறிய நஞ்சைப் படத்தால் அளக்க முடியாது.

ஆகவே கடிபட்டதும் மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பின் அவை இறுக்கும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். காலை அசைக்காமல் 108 அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். வண்டி ஓடத் தொடங்கிய பின், உடன் வருபவர் வீக்கம் ஏறிய எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதட்டும். வீக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மருத்துவருக்கு அது காட்டும்.

வால்பாறை போன்ற மலைத்தோட்டங்களில் உள்ள குழிவிரியன்களின் நஞ்சை இந்த மருந்து முறிக்காது. அங்கே பாம்பின் படம் ஏற்கெனவே கையில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதை எடுப்பதற்காக ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். புதரில் தேடுபவர் இரண்டாவது கடியை வாங்கக்கூடும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நம் விவசாயக் குழுக்களும் ஒரு விதி வைக்கட்டும். யாராவது "கடித்துவிட்டது" என்றால், "படம் அனுப்புங்க" என்று கேட்காமல், "வண்டி கிளம்பியாச்சா?" என்று கேட்போம்.