‘நீக்கிவிட்டோம்’ என்று எழுதுவதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் நம்மைப் பற்றி நான்கைந்து விவரங்களைக் கொடுத்துவிடுகிறோம். பற்றுச்சீட்டுப் போடும்போது தொலைபேசி இலக்கம் கேட்கிறார்கள். நகைக்கடை என்றால் அடையாள அட்டைப் பிரதியும் சில இடங்களில் வாங்கப்படுகிறது. வெளிநாட்டிலுள்ள உறவினருக்குப் பொதி அனுப்புவதென்றால் அங்குள்ள முழு முகவரியும் கொடுக்க வேண்டும். இப்படிக் கொடுத்தவர் ஒருநாள், “என்னைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களை நீக்கிவிடுங்கள்” என்று எழுதிக் கேட்டால் கடை என்ன பதில் அனுப்ப வேண்டும்?

பதிலே போடாமல் இருப்பது ஒரு வழி. “நீக்கிவிட்டோம், நன்றி” என்று ஒற்றை வரியில் முடிப்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் அதிகம் கெடுதல் செய்யும். பெரும்பாலும் அது உண்மையாக இருக்காது; உண்மையல்ல என்பது அடுத்த தீபாவளிக்கு அதே இலக்கத்துக்குப் போகும் கழிவு விலைக் குறுஞ்செய்தியில் வெளிப்பட்டுவிடும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கோரிக்கையை உரிமையாகவே வகுத்திருக்கிறது. எழுத்தில் கேட்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலும், விவரம் சட்டத்துக்கு மாறாகக் கையாளப்பட்டிருந்தாலும் நீக்கும்படி கோரலாம். நிறைவேற்றப்பட்டபோதிருந்த வாசகத்தின்படி 21 வேலை நாட்களுக்குள் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும், தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமைகள் பற்றிய பகுதி 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வருவதாக இருந்து, பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் நிறைவேறியது. இந்தத் தாமதத்தைக் காட்டி நம் வணிகர்கள் ஓய்ந்திருக்க முடியாது. பவுணில் விலை போட்டு இலண்டனுக்குப் பொதி அனுப்பும் யாழ்ப்பாணக் கடையை, அங்கே வசிக்கும் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை பிரித்தானியாவின் தரவுச் சட்டம் ஏற்கெனவே தொடுகிறது. அங்கே கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுக்கலாம். ஆனால் அதையும் முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு அறிவிக்க வேண்டும்.

இந்த மண்ணில் பெயர்ப்பட்டியல் என்பது வெறும் அலுவலகக் காகிதமாக ஒருபோதும் இருந்ததில்லை. போர் முடிந்த பின்னும், 2011இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் குடும்பங்களைப் புகைப்படத்துடன் பதிவு செய்தபோது அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போனது. பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு அங்கே உறுதியளித்தது. தன் விவரம் யாரிடம் இருக்கிறது என்று இங்கே ஒருவர் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. அதை வீண் சந்தேகம் என்று தள்ளிவிடக் கூடாது.

நடைமுறையில் இது எப்படிப் போகும் என்று பார்க்க ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். கஸ்தூரியார் வீதியில் தனி உரிமையாளர் நடத்தும் நகைக்கடை. இலண்டனில் வசிக்கும் ஒரு பெண் 2024 ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அங்கே தாலிக்கொடி வாங்கினார். பணத்தை வங்கி மூலம் செலுத்தினார். பிறகு ஒரு சோடி தோட்டைப் பொதியாக இலண்டனுக்கு எடுப்பித்தார். 2026 மார்ச் 9, திங்கட்கிழமை, தன் விவரங்களை நீக்கும்படி மின்னஞ்சல் அனுப்புகிறார்.

முதல் வேலை, அன்றோ மறுநாளோ கோரிக்கை கிடைத்ததென்று பதில் போடுவது. கிடைத்த திகதி, கோரிக்கை இலக்கம், இறுதிப் பதில் எந்த நாளுக்குள் வரும், யாரைத் தொடர்புகொள்வது ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். நாளைக் குறிப்பதற்கு என் பரிந்துரை 28 நாட்கள். நான்கு வாரத்தில் 20 வேலை நாட்களுக்கு மேல் வராது. எந்த மாதமும் 28 நாளுக்குக் குறையாது. ஆகவே இலங்கைச் சட்டம் வகுத்த 21 வேலை நாட்கள், பிரித்தானியாவின் ஒரு மாதம் இரண்டுக்குள்ளும் அது அடங்கும். நமது உதாரணத்தில் அந்த நாள் ஏப்ரல் 6.

அடுத்தது, கேட்பவர் அவர்தானா என்று உறுதிப்படுத்துவது. இங்கேதான் பல இடங்களில் தவறு நடக்கிறது: நீக்கச் சொன்னவரிடம் கடவுச்சீட்டுப் பிரதியை மறுபடி கேட்கிறார்கள். பதிவில் ஏற்கெனவே உள்ள மின்னஞ்சலிலிருந்து கோரிக்கை வந்திருந்தால் அதுவே பெரும்பாலும் போதும். சந்தேகம் இருந்தால் பதிவிலுள்ள தொலைபேசிக்கு அழைக்கலாம். அல்லது பற்றுச்சீட்டு இலக்கத்தையும் வாங்கிய திகதியையும் கேட்கலாம். அடையாள ஆவணம் கனமான பொருள். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அட்டைப் பிரதியைக் கையில் வைத்திருப்பவர் ஒருவரின் பிறந்த நாளையும் பாலினத்தையும் இலக்கத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

பிறகு தேடல். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சுச் செய்கிறோம். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒருமுறையும் கணவர் பெயரின் முதலெழுத்தோடு இன்னொருமுறையும் பதிந்து, ஒருவரே இரு வாடிக்கையாளர்களாக இருப்பார். தொலைபேசி இலக்கத்தால் தேடுவது நல்லது. ஆனால் அதுவும் ஒரே வடிவத்தில் இருக்காது. சைபரோடு தொடங்கும் வடிவம், அந்தச் சைபரை எக்செல் விழுங்கிவிட்ட வடிவம், +94 சேர்த்த வடிவம், கூட்டல் குறி இல்லாமல் 94 மட்டும் உள்ள வடிவம் ஆகிய நான்கையும் தேட வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் அந்நாட்டு இலக்கத்தையும் தேட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்: கணனியிலுள்ள விற்பனைப் பதிவு, எக்செல் பட்டியல், கடைக் கைத்தொலைபேசியிலுள்ள வாட்ஸ்அப் உரையாடல்கள், பிரதி எடுத்த கோப்புறை, பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை. கடைக்கு வெளியே குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்திடமும் பொதிச் சேவையிடமும் அதே விவரம் இருக்கும். அவர்களுக்கும் எழுத வேண்டும்.

கிடைத்ததை மூன்றாகப் பிரிக்க வேண்டும். விளம்பரத்துக்காக வைத்திருந்த தொலைபேசி, பிறந்தநாள், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை உடனே நீக்கலாம். விற்பனைப் பற்றுச்சீட்டை நீக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் இறைவரிச் சட்டம் வரிக் கணக்குக்கான ஆவணங்களை 5 ஆண்டுகளுக்குப் பேணச் சொல்கிறது. மூன்றாவது, நகை வாங்கியபோது கடை எடுத்துவைத்த கடவுச்சீட்டுப் பிரதி. “சட்டப்படி வைத்திருக்கிறோம்” என்று கடைகள் யோசிக்காமல் சொல்வது இதைப் பற்றித்தான். நிதிக் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் 2006ஆம் ஆண்டின் சட்டம் 6 ஆண்டுகள் பதிவு வைக்கச் சொல்வது மெய். ஆனால் நகை வியாபாரிக்கு அந்தக் கடமை, குறித்த வரம்பைத் தொடும் ரொக்கக் கொடுக்கல்வாங்கலில் வருவது. நம் வாடிக்கையாளர் வங்கி மூலம் கொடுத்தவர். அவருடைய கடவுச்சீட்டுப் பிரதியை வைத்திருக்க இந்தக் கடைக்குக் காரணமே இல்லை. கிழித்து அழிக்க வேண்டியது அது.

பெயரை அழித்தால் போதும் என்று நினைப்பவர்கள் டென்மார்க்கின் டாக்சா 4x35 என்ற வாடகைக்கார் நிறுவனத்துக்கு நடந்ததைப் பார்க்கட்டும். அது வாடிக்கையாளரின் பெயரை இரண்டு ஆண்டுகளில் நீக்கிவிட்டு, தொலைபேசி இலக்கத்தையும் பயண விவரத்தையும் மேலும் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தது. தொலைபேசி இலக்கம்தான் தரவுத்தளத்தின் திறவுகோல், அதை எடுத்தால் அமைப்பே இயங்காது என்பது நிறுவனத்தின் வாதம். டென்மார்க்கின் தரவு அதிகாரசபை அதை ஏற்கவில்லை. இலக்கம் இருக்கும்வரை ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லி, 2019இல் 12 இலட்சம் குரோனர் அபராதம் பரிந்துரைத்தது. இலக்கத்தையே வாடிக்கையாளர் எண்ணாக வைத்திருக்கும் நம் கடைகளுக்கும் இது பொருந்தும். பற்றுச்சீட்டுக்குத் தனி வரிசை எண் இருந்தால் தொலைபேசியை எடுத்த பின்னும் கணக்கு நிற்கும்.

மிஞ்சுவது காப்புப் பிரதி. வெளி வன்தட்டில் வாரந்தோறும் எடுத்த பிரதிகளுக்குள்ளிருந்து ஒரு பெயரை மட்டும் உருவி எடுப்பது கடினம். பிரித்தானியத் தரவு ஆணையகம் இதற்கு நடைமுறை வழியொன்றை ஏற்கிறது: பழைய பிரதி மேலெழுதப்படும்வரை அந்த விவரத்தை எதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைக்க வேண்டும், இதை வாடிக்கையாளருக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கணனி பழுதாகி அந்தப் பிரதியிலிருந்து மீட்டெடுத்தால், நீக்கிய பெயர்களும் திரும்பி வந்துவிடும். அதைத் தடுக்க, நீக்கிய கோரிக்கைகளின் சிறு பட்டியல் ஒன்று வேண்டும். மீட்டதும் அதைப் பார்த்து மறுபடி நீக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் அனுப்பும் கடிதம் சிறியதுதான். இப்படி எழுதலாம்:

“அன்புடையீர், 2026.03.09 அன்று நீங்கள் அனுப்பிய கோரிக்கைக்கான பதில் இது. உங்கள் தொலைபேசி இலக்கம், பிறந்தநாள், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை நீக்கிவிட்டோம். கடவுச்சீட்டுப் பிரதியை அழித்துவிட்டோம். குறுஞ்செய்தி நிறுவனமும் பொதிச் சேவையும் உங்கள் இலக்கத்தையும் முகவரியையும் நீக்கும்படி எழுதியுள்ளோம். உங்கள் பெயருள்ள இரண்டு பற்றுச்சீட்டுகளை இறைவரிச் சட்டத்தின்படி சட்டம் குறித்த காலம் முடியும்வரை வைத்திருப்போம். கணக்குத் தேவைக்கு மட்டும் பயன்படுத்துவோம். காப்புப் பிரதிகளில் உள்ளவை 90 நாட்களுக்குள் மேலெழுதப்படும். அதுவரை அவற்றைத் திறக்கமாட்டோம். மீண்டும் பதிவாகாதிருக்க இந்தக் கோரிக்கையை மட்டும் ஒரு தனிப் பட்டியலில் வைத்திருக்கிறோம். இதில் உடன்பாடில்லையெனில் எமக்கு எழுதலாம். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடமும் முறையிடலாம்.”

90 நாள் என்பதைக் கடை தன் வன்தட்டுச் சுழற்சியைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டு எந்தத் திகதிவரை என்பதைக் கணக்காளரிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. செய்து முடிக்காத எதையும் “செய்துவிட்டோம்” என்று எழுதக் கூடாது. பொதிச் சேவை நீக்கியதா என்று தெரியாவிட்டால் “எழுதியுள்ளோம்” என்பதே சரியான சொல்.

சட்டத்தை மீறும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஒரு சிறு கடைக்கு அது தாங்காத தொகை. ஆகவே உரிமைகள் பகுதி நடைமுறைக்கு வரும் நாளைக் குறிப்பதற்கு முன்னரே, தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை தமிழிலும் சிங்களத்திலும் மாதிரிக் கடிதங்களையும், எந்த ஆவணத்தை எந்தச் சட்டத்தின் கீழ் எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்ற ஒரு பக்க அட்டவணையையும் வெளியிட வேண்டும். யாழ்ப்பாண வணிகர் அமைப்புகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு கடையும் தானே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: இன்று முதல் வாங்கும் ஒவ்வொரு விவரத்துக்கும், அது எதற்காக, எந்த நாளில் அழிக்கப்படும் என்பதை வாங்கும்போதே குறித்துவைப்பது. அந்தக் குறிப்பு இருந்தால் 28 நாள் வேலை ஒரு பிற்பகலில் முடியும்.