கோட்டா நிரம்பிடுச்சு, சரி... உள்ளே வந்தது யாரு?

பி.காம். புராஜெக்ட் ரிப்போர்ட்கள் பலதுல "ரேண்டம் சாம்பிளிங் முறையில் 100 பேர்" என்று ஒரு வரி இருக்கும். ஒரு படத்தைப் பார்த்தவங்க எல்லாருடைய பெயரும் இருக்கிற பட்டியல் எங்கேயும் கிடையாதே மக்களே! பட்டியல் இல்லாம குலுக்கல் எப்படிப் போட்டீங்க?

இந்த மாதிரி இடத்துக்குன்னே மூணு வழி இருக்கு. காரணம் சொல்லி ஆளைத் தேர்ந்தெடுத்தா பர்பசிவ். ஒருத்தர் அடுத்தவரைக் கைகாட்டினா ஸ்னோபால். ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எண்ணிக்கை வைத்து நிரப்பினா கோட்டா. மூணுமே தப்பில்லை. ரேண்டம் என்று பெயர் மாற்றி எழுதுறதுதான் தப்பு.

கோட்டாவையே எடுத்துக்குவோம். தியேட்டர் ரசிகர்கள் 100 பேர், அதுல 50 பெண்கள் என்று வைக்கிறோம். அந்த 50 எங்கிருந்து வந்தது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. அது ஊரோட விகிதம், தியேட்டருக்கு வர்றவங்க விகிதம் இல்லையே! அடுத்து, அந்த 50 பெண்கள் யார் யார் என்பதைக் கேள்வித்தாளோடு நிற்கிற ஆள்தான் முடிவு பண்றார். சிரிச்ச முகமா, அவசரமில்லாம நிற்கிறவங்களிடம்தான் போவார். குழந்தையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுறவங்க விட்டுப்போவாங்க. கோட்டா மட்டும் கச்சிதமா நிரம்பிடும்.

1948 அமெரிக்க அதிபர் தேர்தல்ல இதுவும் சேர்ந்துதான் காலை வாரியது. கோட்டா முறையை நம்பின கேலப் நிறுவனம் ட்ரூமனுக்கு 44.5 சதவீதம் என்றது. அவர் 49.5 வாங்கி ஜெயிச்சார். கருத்துக்கணிப்பைச் சீக்கிரமே நிறுத்தினதும் ஒரு காரணம். ஆனா கோட்டாவுக்குள்ள யாரைக் கேட்கிறது என்பதைக் கேட்கிறவர் கையில் விட்டதும் பிறகு கடுமையா விமர்சிக்கப்பட்டது.

ஸ்னோபாலில் வேற சிக்கல். 4 பேரில் ஆரம்பிச்சு, ஆளுக்கு 3 பேரைக் கைகாட்டினா 12, அடுத்த சுற்றில் 36, மொத்தம் 52. அந்த முதல் 4 பேரும் ஒரே ஹாஸ்டல்னா, 52 பேர் பேசுறதும் ஏறக்குறைய அந்த ஹாஸ்டலோட ரசனைதான். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. யார் யாரை அனுப்பினாங்கன்னு குறிச்சு வைங்க. அப்புறம் நாலு கிளையின் பதில்களையும் தனித்தனியா கூட்டிப் பாருங்க. ஒரு கிளைக்குள்ள எல்லாரும் ஒரே பதில், கிளைக்குக் கிளை வேற பதில் என்றால், நீங்க அளந்தது ரசிகர்களை இல்லை, அந்த 4 பேரோட சிநேகிதத்தை :-)

பர்பசிவ் வழியில் 10 பேரிடம் பேசினா "ஏன் பாதியில எழுந்து போனாங்க" என்பது புரியும். "எத்தனை சதவீதம் பேர் எழுந்து போனாங்க" என்பது புரியாது.

என் கட்சி இதுதான்: இந்த மூணுல எதைச் செய்தாலும், பிழை ±5 சதவீதம் என்று எழுதாதீங்க. அந்தச் சூத்திரம், ஒவ்வொருத்தரும் தேர்வாகிற வாய்ப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் செல்லும். அதுக்குப் பதிலா எங்கே நின்னீங்க, எந்தக் காட்சிக்கு, எத்தனை பேர் பேச மறுத்தாங்க என்று மூணு வரி எழுதுங்க. வைவாவுல அந்த மூணு வரிதான் உங்களைக் காப்பாத்தும்.