இரவு ஷிப்டில் பாய்லர் முன் நிற்பவருக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர், பாய்லர் தொழிலாளர் சங்கம், திருப்பூர்.

பெறுநர்:
1. இயக்குநர், கொதிகலன்கள் இயக்ககம், சென்னை.
2. இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சென்னை.

பொருள்: கொதிகலன் பணியாளர் தகுதித் தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றைச் சீர்செய்தல், அழுத்தக்கலன் இயக்குவோருக்கும் தகுதிச் சான்றிதழ் கொண்டுவருதல் தொடர்பாக.



சாயப்பட்டறை, சலவைப்பட்டறை, அரிசி ஆலை ஆகிய இடங்களில் பாய்லர் ஓட்டும் தொழிலாளர்களின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில்தான் பாய்லர் இயங்க வேண்டும் என்பது 1923 முதலே சட்டம் ஏற்றுக்கொண்ட நெறி. 2011 ஆம் ஆண்டு கொதிகலன் பணியாளர் விதிகள் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று சான்றிதழைப் பிரித்துள்ளன. 2025 ஆம் ஆண்டின் புதிய கொதிகலன்கள் சட்டமும் அந்த நெறியைக் கைவிடவில்லை. எனவே சட்டத்தைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை. சான்றிதழ் அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்க, பாய்லர் முன்னால் வேறொருவர் நிற்பதுதான் எங்கள் குறை.

பல பட்டறைகளில் பாய்லர் மூன்று ஷிப்டும் ஓடுகிறது, ஆனால் சான்றிதழ் பெற்றவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பகலில் வந்து போவார். சில இடங்களில் அவர் வருவதே இல்லை. மாதத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறார். இரவில் விறகு தள்ளும் உதவியாள்தான் பாய்லரையும் பார்த்துக்கொள்கிறார். ஆண்டு ஆய்வுக்கு வரும் அதிகாரி, நெருப்பை அணைத்து ஆறவைத்துத் திறந்து வைத்த பாய்லரைத்தான் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார். இரவு ஆளை அவர் சந்திக்க வழியே இல்லை.

இதனால் என்ன நேரும் என்பதற்கு எங்கள் வட்டாரப் பட்டறை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். மணிக்கு மூன்று டன் நீராவி தரும் விறகு பாய்லர், 10.54 கிலோ அழுத்தம். உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பம் அப்போது ஏறக்குறைய 185 டிகிரி. அதிகாலையில் கேஜ் கிளாஸ் நிறையத் தண்ணீர் தெரிந்தது. உதவியாள் அதை நம்பி ஃபீட் பம்பை நிறுத்தி வைத்தார். உண்மையில் கேஜ் கிளாஸின் நீராவிப் பக்கத்து வழி உப்புப் படிந்து அடைத்திருந்தது. அப்படி அடைத்துவிட்டால், கண்ணாடியின் மேல்பகுதியில் சிக்கிய நீராவி குளிர்ந்து சுருங்கும். கீழிருந்து தண்ணீர் ஏறி, கண்ணாடி நிறைந்ததுபோல் காட்டும். பாய்லருக்குள் மட்டம் இறங்கிக்கொண்டே போகும்.

சான்றிதழ் பெற்றவர் ஷிப்ட் ஏறியதும் முதல் வேலையாக இதைச் சோதித்திருப்பார். நீராவி காக்கை மூடி டிரெயினைத் திறந்தால் தண்ணீர் பீறிட வேண்டும். பிறகு தண்ணீர் காக்கை மூடி நீராவி காக்கைத் திறந்தால் நீராவி பீறிட வேண்டும். இரண்டில் எது சோர்ந்து வந்தாலும் அந்தப் பக்கம் அடைப்பு. சோதனை முழுவதற்கும் இரண்டு நிமிடம் போதும்.

அன்று லோ வாட்டர் அலாரம் அடித்ததும் காற்று தரும் ஃபேன் தானாக நின்றது. ஆனால் எண்ணெய் பர்னரைப் போல விறகு உடனே அணையாது. தட்டில் கிடக்கும் கங்கு தொடர்ந்து சுடும். கண்ணாடியை வடித்துப் பார்த்தபோது தண்ணீர் மட்டமே தெரியவில்லை. பதறிய அந்த உதவியாளின் கை ஃபீட் பம்ப் சுவிட்சுக்குத்தான் போனது. தண்ணீர் இல்லை என்றால் தண்ணீர் விட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் செய்யக் கூடாதது அது ஒன்றுதான். தண்ணீர் இறங்கிச் சிவக்கக் காய்ந்த ஃபர்னஸ் குழாய் வலுவிழந்திருக்கும். அதன்மேல் தண்ணீர் பட்டால் ஒரே கணத்தில் நீராவி பெருகும், குழாய் நசுங்கிக் கிழியும். ஃபீடை நிறுத்தி, ஃபேன்களை நிறுத்தி, டேம்பரை அடைத்து, கங்கை மூடி அல்லது இழுத்துத் தள்ளி, பாய்லரைத் தானாக ஆறவிட வேண்டும். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஓடிவந்த மூத்த தொழிலாளி ஒருவர் அந்தக் கையைத் தட்டிவிட்டதால் அன்று உயிர்ச்சேதம் இல்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: ஒவ்வொரு ஷிப்டின் பாய்லர் பதிவேட்டிலும் பொறுப்பாளர் தம் சான்றிதழ் எண்ணை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆண்டு ஆய்வின்போது அந்தக் கையொப்பங்களைச் சம்பளப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரவில் முன்னறிவிப்பில்லாத ஆய்வும் நடக்க வேண்டும்.

இப்படிக் கேட்டால், ஆள் எங்கே என்று முதலாளிகள் திருப்பிக் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். தேர்வு எழுத விரும்பும் உதவியாளுக்கு முதல் தடை பணி அனுபவச் சான்று. எந்தப் பாய்லரில், எவ்வளவு காலம் வேலை பார்த்தார் என்று பாய்லர் உரிமையாளர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் எங்கள் ஆளே இல்லை என்று நிர்வாகம் கைவிரிக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் பாய்லர் இல்லை. எனவே உரிமையாளர் சான்று தர மறுக்கும்போது, பாய்லர் பதிவேட்டுக் கையொப்பத்தையும் இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதிப் பதிவுகளையும் அனுபவத்துக்கு ஆதாரமாக ஏற்க ஆணையிட வேண்டும்.

கோவையிலோ ஈரோட்டிலோ ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடக்க வேண்டும். வினாத்தாளும் நேர்முகமும் தமிழில் இருக்க வேண்டும். கேஜ் கிளாஸ், சேஃப்டி வால்வு என்று நாங்கள் வழங்கும் பெயர்களிலேயே கேட்கலாம். நீராவி ஏறிய பாய்லர் முன்னால் நிறுத்தி, கேஜ் கிளாஸை வடித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்குத் தேர்வில்லாமலே சான்றிதழ் தர வேண்டும் என்று எங்கள் உறுப்பினர்கள் சிலர் சொல்கிறார்கள். சங்கம் அதை ஏற்கவில்லை. பத்தாண்டாகத் தவறாகச் செய்தவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்.

அடுத்தது அழுத்தக்கலன்கள். வெளிப் பயன்பாட்டுக்கு நீராவி உண்டாக்கும் கலம்தான் சட்டத்தின் கண்ணில் பாய்லர். பாலியஸ்டரை 130 டிகிரியில் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினும் ஆட்டோகிளேவும் அதில் வரா. 250 டிகிரிக்கு மேல் எண்ணெயைச் சுடவைக்கும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரும் வராது. தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 31 அழுத்தக்கலனைப் பாதுகாப்பான அழுத்தத்துக்குள் இயக்கச் சொன்னது. கலனைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற நபர் வருகிறார். அதைத் தினமும் இயக்குபவருக்கோ தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை.

சாஃப்ட் ஃப்ளோவில் விபத்து பெரும்பாலும் மூடியில் நேர்கிறது. வெப்பம் 80 டிகிரிக்குக் கீழே இறங்கி அழுத்தம் போன பிறகே மூடி திறக்கும்படி இன்டர்லாக் இருக்கும். லாட்டைச் சீக்கிரம் இறக்க வேண்டும் என்ற அவசரத்தில் அதை ஒயர் போட்டு பைபாஸ் செய்துவிடுகிறார்கள். 100 டிகிரிக்கு மேலுள்ள தண்ணீர், மூடி விலகியதும் கொதித்துப் பொங்கி ஆளின் முகத்தில் அடிக்கிறது.

பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2020இன் கீழான மாநில விதிகளில், அழுத்தக்கலனும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரும் இயக்குவோருக்குத் தனித் தகுதிச் சான்றிதழைச் சேர்க்க வேண்டும். பாய்லர் தேர்வின் முழுப் பாடத்தையும் அவர்கள் மேல் ஏற்ற வேண்டாம். இன்டர்லாக், சேஃப்டி வால்வு, அழுத்தம் இறக்கும் முறை, எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைச் சோதிக்கும் செய்முறைத் தேர்வு போதும். இப்போது வேலையில் இருப்பவர்கள் தேர்ச்சி பெற இரண்டு ஆண்டு அவகாசம் தரலாம். பாய்லர் ஒரு துறையிலும் அழுத்தக்கலன் இன்னொரு துறையிலும் இருப்பதால், இரு இயக்ககங்களும் கூடிப் பேசினால்தான் இது நடக்கும்.

இக்கோரிக்கைகள் குறித்துப் பேச எங்கள் சங்கத்தையும் பட்டறை உரிமையாளர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்து, எடுக்கும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்