படுவான்கரையில் ஒரு மேசன் விழுந்தால்

கொக்கட்டிச்சோலைப் பக்கம் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், வாவியைக் கடந்துதான் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் வழியைச் சுருக்கியது. ஆனால் மாரி வெள்ளத்தில் உள்வீதிகள் மூழ்கிவிடும்; மாற்று வழியை வேலை தொடங்குமுன்பே எழுதிவைக்க வேண்டும்.

விழுந்தவரை மடித்து ஓட்டோவில் ஏற்றுவது பெருங்கொடுமை. முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அதுவே கால்களை முடக்கிவிடலாம். இடிந்து விழும் ஆபத்து இருந்தாலொழிய அவரை நகர்த்தக்கூடாது. ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் இரத்தம் வழியும் இடத்தைத் துணியால் அழுத்த வேண்டும். மூன்றாமவர் 1990 சுவசெரியவை அழைத்து, சந்தியில் நின்று வழிகாட்ட வேண்டும். மேற்பார்வையாளர் மற்றவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு விலக்கிப் பெயர் கூப்பிட வேண்டும். நாட்கூலிக்கு ஆட்கள் மாறுவதால், இந்த நால்வரின் பெயரையும் தினமும் காலையில் பலகையில் எழுதுவதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாகவே பிரதேச சபைகள் சேர்க்க வேண்டும்.