வென்றவர் எழுதிய கதையா?

மகாபாரதம் வென்றவர்கள் எழுதிவைத்த கதை என்றும், தோற்றவனின் நியாயத்தை அது மறைத்துவிட்டது என்றும், கர்ணனும் துரியோதனனும் தங்கள் வாயால் பேசும் நாவல்கள் வந்த பிறகே உண்மை தெரிந்தது என்றும் படித்தவர்களே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. மூலத்தைப் புரட்டிப் பார்த்த யாரும் இதைச் சொல்ல முடியாது.

மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் வழுக்கி நீரில் விழுந்ததையே எடுத்துக்கொள்வோம். சபா பருவத்தில் கதைசொல்லி அதை விவரிக்கும்போது சிரித்தவர்களாக பீமனையும் அர்ச்சுனனையும் இரட்டையரையும் பணியாட்களையும் குறிப்பிடுகிறார். திரௌபதியின் பெயர் அங்கே இல்லை. அஸ்தினாபுரம் திரும்பிய துரியோதனன் தந்தையிடம் அதே நிகழ்ச்சியைச் சொல்கிறான். கண்ணன் சிரித்தான், திரௌபதியும் பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்று அவன் கதையில் ஆட்கள் கூடிவிடுகிறார்கள். அவமானப்பட்டவனின் மனத்தில் நிகழ்ச்சி எப்படிப் பெருகுகிறது என்பதை இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியது மூலம்தான். வில்லனின் பார்வை வியாசருக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சரிபார்க்க வேறொரு பார்வையும் பக்கத்திலேயே இருக்கிறது. பின்வந்தவர்கள் துரியோதனன் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குருடன் மகனும் குருடன் என்று திரௌபதி ஏளனம் செய்ததாகவும் சேர்த்தார்கள். வியாசரில் அவள் அப்படிச் சொல்லவே இல்லை. போருக்கே அவள் சிரிப்புதான் காரணம் என்று இன்றும் பலர் பேசுகிறார்கள்.

கர்ணன் விஷயம் இதைவிட ஆழமானது. சூதாட்ட சபையில் நடந்ததை மூலம் ஒளிக்காமல் சொல்கிறது. திரௌபதி வெல்லப்படவில்லை என்று கௌரவர்களில் ஒருவனான விகர்ணனே எழுந்து வாதிடுகிறான். அவனை அடக்குபவன் கர்ணன். ஐந்து கணவர் உள்ளவள் விலைமகள், அவளை ஆடையின்றிக் கொண்டுவந்தாலும் தவறில்லை என்கிறான். பாண்டவர் ஆடைகளையும் அவள் ஆடையையும் களையும்படி துச்சாதனனுக்கு ஆணையிடுபவனும் அவன்தான்.

இதற்கு மறுகதைகள் தரும் சமாதானம், சுயம்வரத்தில் சூதன் மகனை மணக்கமாட்டேன் என்று அவள் அவமதித்தாள், அந்தக் காயம் சபையில் வெடித்தது என்பது. புணே பண்டார்கர் நிறுவனம் சுவடிகளை ஒப்பிட்டு உருவாக்கிய செம்பதிப்பில், சுக்தங்கர் பதிப்பித்த ஆதி பருவம் 1933இல் முழுமையானது. அந்த மறுப்பு பிற்சேர்க்கை என்று அங்கே மூலப்பாடத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. கர்ணன், சல்லியன் போன்றவர்களாலேயே வளைக்க முடியாத வில் என்று அந்தணர்கள் பேசிக்கொள்வதுதான் அதில் உள்ளது. சபைக் கொடுமைக்குக் காரணமாகக் காட்டப்படும் காயமே பின்னால் வந்து சேர்ந்தது.

வாசகரின் தீர்ப்பு மாறுவது இங்கேதான். மூலத்தில் செயல் முதலில் வருகிறது, அதன் பாரம் முழுவதும் நம்மேல் விழுகிறது, மனிதனை அதற்குப் பிறகே எடைபோடுகிறோம். கர்ணனே ‘நான்’ என்று சொல்லத் தொடங்கும் நாவலில் ஆற்றில் மிதந்த பெட்டியும் குலத்தைச் சொல்லி அவனைச் சிறுமைப்படுத்திய அரங்கமும் முன்கூட்டியே நம் நெஞ்சில் ஏறிவிடுகின்றன. சபைக்கு வரும்போது அவன் சொற்கள் குற்றமாகக் கேட்பதில்லை, வலியாகவே கேட்கின்றன. அவன் துயரம் பொய்யில்லை. ஆனால் அவன் உள்ளத்துக்குள் நாம் இருக்கும்வரை திரௌபதியின் உள்ளம் நமக்கு மூடியே இருக்கிறது. அவன் வளர வளர அவள் திமிர்பிடித்தவளாகச் சுருங்குகிறாள். ஒடுக்கப்பட்டவனுக்குக் குரல் கொடுப்பதாகச் சொல்லும் எழுத்து, சபை நடுவே நிறுத்தப்பட்ட பெண்ணின் மேல் பழியைத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழர்களான நமக்கு இன்னொரு திரையும் உண்டு. எடுக்கவோ கோக்கவோ என்று துரியோதனன் கேட்கும் நிகழ்ச்சியும், சாகும் தறுவாயில் கர்ணன் புண்ணியம் அனைத்தையும் தானம் செய்வதும் வில்லிபுத்தூரார் நமக்குத் தந்தவை, 1964இல் வந்த ‘கர்ணன்’ படம் வீடுதோறும் கொண்டுசேர்த்தவை. இரண்டும் அருமையான கற்பனைகள். அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, வியாசர் கர்ணனுக்கு அநீதி செய்தார் என்பதுதான் அநியாயம்.

ஏனென்றால் கர்ணனை அதிகம் நேசித்தவர் வியாசர்தான். பாண்டவரை நோக்கிச் சொன்ன கடுஞ்சொற்களுக்காக வருந்துகிறேன் என்று கண்ணனிடம் அவனே ஒப்புக்கொள்ள உத்தியோக பருவத்தில் அவனுக்கு இடம் தருகிறார். அவனைக் குற்றமற்றவனாக்கும் மறுகதையில் இந்த வருத்தத்துக்கு வேலையே இல்லை. கர்ண பருவத்தில் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தபோது அறத்தை நினைவூட்டி அவன் அவகாசம் கேட்கிறான். ஒற்றையாடையோடு திரௌபதியைச் சபைக்கு இழுத்துவந்தபோது அந்த அறம் எங்கே போயிற்று என்று கண்ணன் கேட்கிறான். அர்ச்சுனன் போர்முறையை மீறித்தான் அம்பு விடப்போகிறான், மூலம் அதையும் மறைக்கவில்லை. ஆனால் கண்ணன் கேட்ட கேள்விக்குக் கர்ணன் வெட்கித் தலைகுனிகிறான், பதில் சொல்வதில்லை. அவனுக்காக நாம் இன்று சொல்லும் எந்தச் சமாதானத்தையும் அவன் சொல்லவில்லை.