படவில்லையில் இல்லாததை எழுதுங்கள்

கூட்டம் முடிந்ததும் படவில்லைகளைப் புலனக் குழுவில் பகிர்ந்து, "வராதவர்கள் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி போட்டுவிடுவது மாணவர் இயக்கங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால், படவில்லை கூட்டத்திற்கு முன்பே தயாரானது. அதில் இருப்பது முன்மொழிவுதான். கூட்டம் எடுத்த முடிவு அதில் இருக்காது.

ஒரு பல்கலைக்கழகத் தமிழ் மன்றம் பொங்கல் விழாவுக்குத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். 6ஆம் படவில்லையில் முதன்மை மண்டபம், 300 பேர் என்று இருக்கிறது. 9ஆம் படவில்லையில் தலைக்கு 9 ரிங்கிட் வீதம் உணவுக்கு 2,700 ரிங்கிட். கூட்டத்தில் பேசும்போதுதான் அன்றைக்கு மண்டபம் கிடைக்காது என்று தெரிகிறது. விடுதி வளாகத்தில் 200 பேருடன் நடத்த முடிவாகிறது. உணவுச் செலவும் 1,800 ரிங்கிட்டாகக் குறைகிறது. படவில்லையை யாரும் திருத்தவில்லை. அன்று வராத உணவுப் பொறுப்பாளர் 9ஆம் படவில்லையைப் பார்த்து 300 பேருக்குச் சொல்லிவிட்டால், கூடுதல் 900 ரிங்கிட்டை யார் கொடுப்பது?

எனவே, சுருக்கம் எழுதுபவர் ஒவ்வொரு படவில்லையிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது அப்படியே ஏற்கப்பட்டதா, மாற்றப்பட்டதா, தள்ளிவைக்கப்பட்டதா? ஏற்கப்பட்டவற்றுக்கு ஒரு வரி போதும். மாறியவற்றுக்குப் பழையதையும் புதியதையும் சேர்த்தே எழுத வேண்டும். படவில்லையின் வரிசையில் எழுதத் தேவையில்லை. மாறியவை முதலில் வரட்டும்.

"இடம் மாறியது: முதன்மை மண்டபம் அல்ல, விடுதி வளாகம். 6ஆம் படவில்லை செல்லாது.
உணவு: 300 அல்ல, 200 பேருக்கு, 1,800 ரிங்கிட். 9ஆம் படவில்லை செல்லாது.
உணவுப் பொறுப்பாளர் வெள்ளிக்கிழமைக்குள் விலைப்பட்டியல் பெற வேண்டும்.
முடிவாகாதது: மழை பெய்தால் மாற்றிடம். அடுத்த கூட்டத்தில் பேசப்படும்."

"உணவு பற்றிப் பேசப்பட்டது" என்று எழுதினால், வராதவருக்கு எதுவும் விளங்காது. என்ன முடிவு, யார் செய்வது, எப்போதைக்குள் என்பவை இருந்தால்தான் அது சுருக்கம். எழுதியதைத் தலைவரிடமோ செயலாளரிடமோ காட்டிச் சரிபார்த்து, அன்றே அனுப்புவது நல்லது. இரண்டு நாள் கழித்து யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதில் நினைவுகள் முரண்படும். படவில்லைக் கோப்பையும் இணைக்கலாம். ஆனால் செல்லாத பக்கங்களில் "மாற்றப்பட்டது" என்று குறித்த பிறகே இணைக்க வேண்டும்.

எழுதுபவரே கூட்டத்திற்கு வராதவர் என்றால், படவில்லையை மட்டும் வைத்து முடிவுகளை ஊகிக்கக் கூடாது. வந்திருந்த ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வராத ஒருவர் கோப்பைத் திறக்காமலேயே "நான் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள்?" என்பதற்கு உங்கள் சுருக்கத்தில் விடை காண முடிகிறதா? முடியாவிட்டால், இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.