தூக்கிக்கொண்டு போனோம், மனு எழுதவில்லை

எங்கள் கல்லூரியில் தேர்வுக் கூடம் முதல் மாடியில் இருந்தது. எங்களோடு படித்த தோழி ஒருவர் சக்கர நாற்காலியில் வருவார். மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும், நாங்கள் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு பேர் பின்கைப்பிடியைப் பிடிப்போம், இரண்டு பேர் முன்சட்டத்தை. மாணவர் அமைப்பில் இருந்த எங்களுக்கு அதில் பெருமைகூட இருந்தது. கட்டண உயர்வுக்கு எதிராகவும் பேருந்து கேட்டும் மனு எழுதிய நாங்கள், அவருடைய தேர்வறையைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள் என்று ஒரு வரி எழுதவில்லை.

படிப்பு முடிந்த பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: "பரீட்சை அன்னிக்குக் காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டேன். பாத்ரூம் போகணும்னா மறுபடியும் உங்க நாலு பேரையும் கூப்பிடணுமே." மூன்று ஆண்டில் நாங்கள் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

அதன் பிறகுதான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை எடுத்துப் படித்தோம். 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது அது. 2007 அக்டோபரிலேயே இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டது. நாங்கள் அந்தப் படிக்கட்டில் ஏறிய ஒவ்வொரு நாளும் அரசு அதற்குக் கட்டுப்பட்டே இருந்தது.

அரசின் கடமைகளில் இரண்டை நாங்கள் ஒன்றாகக் குழப்பியிருந்தோம். முதலாவது நியாயமான தகவமைப்பு. ஒரு குறிப்பிட்ட ஆள், தனக்கு ஒரு மாற்றம் தேவை என்று கேட்கும்போது எழுகிற கடமை இது. தேர்வறையைக் கீழே மாற்றுவது, எழுத உதவியாளர் தருவது, கூடுதல் நேரம் தருவது எல்லாம் இதில் வரும். கேட்ட நேரத்திலிருந்தே செய்தாக வேண்டும். அளவுக்கு மீறிய சுமை என்று நிறுவினால்தான் மறுக்கலாம். அப்படி நிறுவாமல் மறுத்தால் அந்த மறுப்பே பாகுபாடு என்கிறது பிரிவு 2. ஓர் அறையை மாற்றுவதில் என்ன சுமை இருக்கிறது? அவர் கேட்டிருந்தால், நாங்களும் அவரோடு நின்றிருந்தால், அந்த வாரமே முடிந்திருக்க வேண்டிய வேலை.

இரண்டாவது பிரிவு 9 சொல்கிற அணுகல்தன்மை. இதை யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. ஆள் வருவதற்கு முன்பே கட்டடம் தயாராக இருக்க வேண்டும். தோழி படித்து முடித்த பிறகு, "இப்போது அப்படி யாரும் படிக்கவில்லையே, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிர்வாகம் எங்களிடம் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தோம். அந்தப் பதிலுக்கு உடன்படிக்கையில் இடமே இல்லை. புதுக் கட்டடம் தொடக்கத்திலேயே தடையில்லாமல் எழ வேண்டும். பழையதைப் படிப்படியாக மாற்றலாம், ஆனால் கெடுவும் பணமும் குறித்துவைத்து. சுமை என்ற காரணத்தை இங்கே சொல்ல முடியாது என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2014இல் விளக்கியிருக்கிறது.

நூலக வாசலில் ஒரு நாள் அளவுநாடா வைத்து அளந்தோம். மூன்று படி, படிக்கு 15 செ.மீ., மொத்தம் 45 செ.மீ. உயரம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. அப்படியானால் 5.4 மீட்டர் வேண்டும். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இதே உயரத்துக்கு இரண்டு மீட்டர்கூட இல்லாத ஒரு சரிவைக் கட்டிவைத்திருந்தார்கள். அதில் யாரும் தானாக ஏற முடியாது, இறங்கினால் நாற்காலி கவிழும். அதன் திறப்பு விழாவில் நாங்கள் கைதட்டினோம். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

உடன்படிக்கைக்கு ஏற்ப இந்தியா இயற்றிய 2016 சட்டம், பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக் கெடு விதித்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனில் கெடு முடிந்தது. அன்று நாங்கள் ஒரு துண்டறிக்கைகூடப் போடவில்லை; அப்படி ஒரு நாள் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. அணுகல்தன்மை கோரி ரஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை, விதிகளின் 15(1) வெறும் வழிகாட்டுதலாகக் கரைத்துவிட்டது என்று கூறி 2024 நவம்பரில் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. மூன்று மாதத்துக்குள் கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது. அந்த வழக்கையும் நாங்கள் பின்தொடரவில்லை.

இப்போது இரண்டு மனுக்களைத் தனித்தனியாக எழுதியிருக்கிறோம். ஒன்று தேர்வறைக்கு, இன்னொன்று கெடுவோடு கூடிய கட்டடத் திட்டத்துக்கு. முடிவெடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளை அவர்களுடைய அமைப்புகள் வழியே கலந்தாலோசிக்க வேண்டும் என்று பிரிவு 4(3) அரசுக்குச் சொல்கிறது. எங்களுக்கும் அது உறைக்க வேண்டும் என்று வரைவைத் தோழிக்கு அனுப்பினோம். சாய்தளத்தை முதலில் எழுதியிருந்தோம். அவர் அதை அடித்துவிட்டு, அதன் மேலே தரைத்தளக் கழிப்பறை என்று எழுதி அனுப்பினார்.